இரண்டு ஜாடியும் ஒரு சந்தேகமும்

கிடங்கில் அவளுக்கு சிஐடி அம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அம்மா, தலை மறைந்ததும் முன்னால் அந்த சிஐடி வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பால்காரர் ஊற்றியதும் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பாள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தால் பையை மடியில் இழுத்து வைத்துக்கொள்வாள். புருஷன் கூட்டாளியை நம்பி நல்லதொரு பாத்திரக்கடையைப் பறிகொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். "நம்பினேன், நம்பினேன்" என்று அவர் கடைசிவரை புலம்பியதைக் காது புளிக்கக் கேட்டவள் அவள். அன்றைக்கு எடுத்த முடிவு, இனி எவனையும் நம்புவதில்லை என்று. அதில் ஒரே ஒரு விதிவிலக்கு. அவள் மகன். அவன் பொய் சொன்னான் என்று சூரியனே வந்து சாட்சி சொன்னாலும், சூரியனுக்கு அவன் மேல் என்ன பகையோ என்றுதான் யோசிப்பாள்.

மகன்தான் அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். சமையலறைச் சாமான்களை ஆப் மூலம் விற்கும் சின்ன நிறுவனம். மாடியில் ஓர் அறை. அங்கே முதலாளியும் மகனும் இரண்டு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். சாமானைப் படம் எடுத்து, அதற்கு ஒரு தலைப்பு எழுதி, ஆப்பில் ஏற்றுவது மகனின் வேலை. கீழே கிடங்கு. இரும்பு அலமாரிகள், அட்டைப் பெட்டிகள், டேப் கிழிபடும் சத்தம். நடுவில் பாக்கிங் மேசை. ஜன்னலோரம் அவளுடைய புகார் மேசை.

பாக்கிங் மேசையில் நின்றவள் அவள் மருமகள். கல்யாணமாகி வந்த கையோடு அவளையும் மகன் அங்கேயே சேர்த்துவிட்டான். ஆக வீட்டில் ஒரே அடுப்பங்கரை, கிடங்கில் ஒரே கூரை. மாமியாரின் கண்ணுக்குத் தப்பி அந்தப் பெண் கொட்டாவிகூட விட முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் ஜாடிப் பிரச்சினை ஆரம்பித்தது.

மூடி போட்ட கண்ணாடி ஜாடி. பெரியது ஒன்று, சின்னது ஒன்று, இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். கிடங்கில் அதன் குறியீடு 'ஜாடி-2'. பாக்கிங் சீட்டிலும் 'ஜாடி-2, எண்ணிக்கை 1' என்றுதான் வரும். ஒரு பெட்டியை எடு, குமிழ் உறை சுற்று, டேப் ஒட்டு, முகவரி ஒட்டு. அவ்வளவுதான் வேலை.

புகார்த் திரையிலும் அதே குறியீடுதான் தெரியும். ஆப்பில் வாங்கியவர் எதையும் விளக்கி எழுத வேண்டியதில்லை. 'உடைந்து வந்தது', 'வேறு பொருள் வந்தது', 'குறைவாக வந்தது' என்று சில காரணங்கள் இருக்கும், ஒன்றைத் தட்டினால் போதும். கொஞ்ச நாளாக ஜாடி-2க்கு நேரே 'குறைவாக வந்தது' வரிசையாக விழ ஆரம்பித்தது.

சிஐடி அம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பெட்டியில் இருப்பதே இரண்டு. குறைந்தால் ஒன்று குறைந்திருக்க வேண்டும். அந்த ஒன்று எங்கே போயிற்று?

விலை மலிவான சாமான் என்பதால், திருப்பி வாங்கிப் பார்ப்பதோ படம் கேட்பதோ வழக்கமில்லை. குறைந்ததை அனுப்பிவிடுவார்கள். அவளும் ஆளுக்கு ஒரு ஜாடி அனுப்பச் சொன்னாள். அதை வாங்கியவர்களில் சிலர் மறுபடியும் 'குறைவாக வந்தது' என்று தட்டினார்கள். ஒரே ஒரு ஜாடியை அனுப்பினால், அதில் என்னத்தைக் குறைப்பது? மூடியையா?

அனுப்பியது யார்? மருமகள்.

அன்றிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மருமகள் தண்ணீர் குடிக்கப் போனால் எவ்வளவு நேரம் குடிக்கிறாள், சாயங்காலம் கிளம்பும்போது கைப்பை காலையில் இருந்ததைவிட உப்பியிருக்கிறதா, போனில் அம்மாவிடம் பேசும்போது குரலை ஏன் இறக்குகிறாள். பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வாரம் ஒருமுறை போய்வருகிறவள், வெறுங்கையோடா போவாள்?

ஒரு மதியம் மருமகள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கட்டி வைத்திருந்த ஒரு பார்சலைப் பிரித்தாள். உள்ளே பெரியது ஒன்று, சின்னது ஒன்று, இரண்டும் சமர்த்தாக இருந்தன. வேறு யாராவது என்றால் அந்த இடத்திலேயே வெட்கப்பட்டிருப்பார்கள். இவள் அப்படி இல்லை. 'நான் கவனிக்கிறேன் என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் இன்றைக்கு ஒழுங்காகக் கட்டியிருக்கிறாள்' என்று தீர்மானித்தாள். சந்தேகம் என்பது அப்படித்தான், எதைப் போட்டாலும் தின்றுவிட்டு இன்னும் கொண்டா என்னும்.

மருமகள் வந்தாள். மேசையில் இருந்த பார்சலைத் திருப்பிப் பார்த்தாள். டேப் கோணலாக ஒட்டியிருந்தது.

"அத்தை, இதைப் பிரிச்சீங்களா?"

"ஏன், பிரிக்கக் கூடாதா? புகார் என் மேசைக்குத்தானே வருது."

"பிரிச்சது சரி. என்ன இருந்துச்சு?"

"ரெண்டும் இருந்துச்சு."

"அப்புறம் என்ன அத்தை? புது ஆர்டருக்கு நான் பெட்டியத் திறக்கிறதே இல்ல. வந்தபடி அப்படியே கட்டுறேன். ஆப்புல அந்த ஜாடிக்கு என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை போய்ப் பாருங்களேன். எனக்கென்னமோ தலைப்புலதான் கோளாறுன்னு தோணுது."

அதுதான் அவள் செய்த தப்பு. தலைப்பு எழுதுவது யார்? மகன்.

"ஓகோ! உன் கை சுத்தம், என் பையன் எழுதுனதுதான் கோளாறா? யாருக்குடி காது குத்துறே?"

மருமகள் டேப்பை உரித்து மறுபடி நேராக ஒட்டினாள்.

மறுநாள் காலையிலேயே சிஐடி அம்மா மாடி ஏறி முதலாளியிடம் போனாள். 'திருட்டு' என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அவ்வளவு நாகரிகம் இருந்தது. "பாக்கிங்ல ஆளை மாத்திப் பாருங்க சார், அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். சொந்த மாமியாரே இப்படிச் சொன்னால் முதலாளி என்ன நினைப்பார்? பக்கத்து நாற்காலியில் இருந்த மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

முதலாளி மருமகளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா. என்னன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. ஆனால் டேப்பும் கத்திரியும் கையில் இருக்கும்போது ஒருத்தியை வீட்டுக்குப் போகச் சொன்னால், கிடங்கில் மற்றவர்கள் பார்த்த பார்வைக்கு அர்த்தம் ஒன்றுதான். மருமகள் வீட்டுக்கு வரவில்லை. நேரே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ராத்திரி மகன் சாப்பிட்டான், எழுந்தான். "போய்க் கூட்டிட்டு வாயேன்டா" என்று அவள் ஒப்புக்குச் சொன்னாள். "வருவாம்மா" என்றான். பாவம், பெண்டாட்டி செய்ததில் பிள்ளைக்கு மனம் விட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

பாக்கிங் மேசைக்கு முதலாளியின் டிரைவர் வந்து நின்றார். ஜாடிப் புகார் நிற்கவில்லை.

ஒரு பொழுது அவர் மேலேயும் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். ஆனால் அந்த மனுஷன் ஒரு டீ குடிக்கக்கூட வெளியே போகாமல் வியர்க்க வியர்க்கக் கட்டிக்கொண்டிருந்தார். சரி, யாரும் வேண்டாம், நானே கட்டுகிறேன் என்று புடவையைச் செருகிக்கொண்டு மேசைக்குப் போனாள். அன்றைக்கு ஜாடி-2க்கு வந்த ஆர்டர் எல்லாவற்றையும் தன் கையாலேயே கட்டினாள். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, பெரியது சின்னது இரண்டையும் தொட்டுப் பார்த்து, மூடி திருகிப் பார்த்து, டேப்பின் மேல் பேனாவால் ஒரு கோடும் இழுத்துவிட்டாள். இனி எவன் கை வைத்தாலும் தெரிந்துவிடும்.

அந்த வாரக் கடைசியில் திரையில் ஒரு புகார் வந்தது. ஜாடி-2. குறைவாக வந்தது. முகவரியைப் பார்த்தாள். அவள் கட்டிய பார்சல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருந்த இருப்பில் தன் கைப்பையையே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, வாங்கினவள்தான் கள்ளி, நம்மை ஏமாற்றி இலவச ஜாடி வாங்கப் பார்க்கிறாள் என்று கோபம் வந்தது. போனை எடுத்தாள்.

எடுத்தது ஒரு தையல்காரம்மா. பின்னணியில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஜாடி வாங்கினீங்களே, குறைவா வந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. நானே என் கையால கட்டினேன்மா. டேப்புல பேனாக் கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. நானும் என்னடா கோடுன்னு பார்த்தேன்."

"கோடு கலையாம இருந்துச்சா?"

"கலையலம்மா. என்னங்க, போலீஸ் ஸ்டேஷன்லருந்து பேசறீங்களா?"

"உள்ள பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு, ரெண்டும் இருந்துச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க."

மிஷின் சத்தம் நின்றது. "ரெண்டும் வந்துச்சு. மீதி ரெண்டு எங்க?"

"எந்த மீதி ரெண்டு?"

"நல்லா கேக்கறீங்களே! நூல்கண்டு, பட்டன் எல்லாம் பிரிச்சு வைக்கத்தான் நாலு வேணும்னு வாங்கினேன். இருங்க, நீங்க போட்டதையே படிக்கிறேன். 'மூடியுடன் கண்ணாடி ஜாடி, 2 பீஸ் செட், பேக் ஆஃப் 2, கிச்சன் ஸ்டோரேஜ்.' செட்டுக்கு ரெண்டு, அப்படி ரெண்டு செட்டு. நாலா இல்லையா? படத்துலயும் நாலு ஜாடி வரிசையா நிக்குது. எண்ணத் தெரியாதுன்னு நினைச்சீங்களா என்னை?"

சிஐடி அம்மா போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அந்தம்மா இன்னும் என்னென்னவோ சொன்னார். கேட்கவில்லை. இத்தனை நாள் அந்த மேசையில் உட்கார்ந்து, பார்சலைப் பிரித்துப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், நடையைப் பார்த்தாள், வாங்குகிறவர் கண்ணுக்கு எது தெரிகிறதோ அந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்னவளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

மாடிக்குப் போனாள். "அந்த ஜாடிப் பக்கத்தைத் திறடா."

மகன் திறந்தான். தையல்காரம்மா படித்த வரி, எழுத்து மாறாமல் இருந்தது. அலமாரியில் நான்கு ஜாடி நிற்கும் படமும் இருந்தது.

"ஏன்டா ரெண்டு தடவை ரெண்டு போட்டே?"

"ரெண்டு செட்டுன்னு அர்த்தம் இல்லம்மா. சிலபேரு '2 பீஸ் செட்'டுன்னு தேடுவாங்க, சிலபேரு 'பேக் ஆஃப் 2'ன்னு தேடுவாங்க. எப்படித் தேடினாலும் நம்ம ஜாடி வரணும்னு ரெண்டையும் போட்டேன். ரெண்டும் அதே ரெண்டு ஜாடிதான்."

"படத்துல நாலு நிக்குதே?"

"அது சும்மா அழகுக்கு."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அழகுக்கா? வாங்கறவங்க அதைத்தானே எண்ணுவாங்க! எண்ணிக்கையை ஒரே ஒரு தடவை சொல்லு, மொத்தம் எத்தனை கைக்கு வரும்னு சொல்லு. மாத்து இப்பவே."

அவர் பின்னால் நிற்க, மகன் மாற்றினான். 'மூடியுடன் கண்ணாடி ஜாடி, பெரியது 1 + சிறியது 1, மொத்தம் 2 ஜாடி.' கீழே எண்ணிக்கைக் கட்டத்திலும் 2. முதல் படத்தில் இரண்டே ஜாடி. "நாலு கேக்கறவங்களுக்கு ரெண்டு பெட்டிய ஒண்ணாக் கட்டி விக்கலாமே" என்று மகன் மெல்ல இழுத்தான். "விக்கலாம். ஆனா அதை இந்தப் பக்கத்துல ஏத்தாதே. இதுல ரெண்டு வாங்கினவங்க கருத்தெல்லாம் இருக்கு, குழம்பிப் போகும். அதுக்குத் தனிப் பக்கம், தனிக் குறியீடு, 'மொத்தம் 4 ஜாடி'ன்னு தலைப்பு. ரெண்டு பெட்டியையும் சேர்த்து ஒட்டி, 'ஒரே செட், பிரிக்கக் கூடாது'ன்னு மேல சீட்டு. இல்லன்னா சீட்டுல எண்ணிக்கை ஒண்ணுன்னு பார்த்துட்டு, பாக்கிங்ல ஒரு பெட்டியத்தான் எடுப்பாங்க" என்றார் முதலாளி. பிறகு சிஐடி அம்மாவைப் பார்த்து, "மருமகள வரச் சொல்லுங்கம்மா. நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

மகன் இதற்கெல்லாம் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அது அவள் கண்ணில் பட்டது. பட்டும், பிள்ளை வெட்கத்தில் இருக்கிறான் என்று பூசி மெழுகிக்கொண்டாள்.

சாயங்காலம் தனியாகச் சம்பந்தி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை. சம்பந்தியம்மா கதவைத் திறந்தார், முகம் சுளிக்காமல் "வாங்க" என்றார். சமையலறையை ஒட்டின மாதிரி ஒரு சின்னக் கூடம். நாற்காலியில் உட்கார்ந்தவளின் கண், பழக்க தோஷம், நேரே சமையலறை அலமாரிக்குத்தான் போயிற்று.

அங்கே பெரியது ஒன்று, சின்னது ஒன்று, இரண்டு கண்ணாடி ஜாடி. அதே மூடி.

அவ்வளவு பட்டும் மனசு திருந்தியதா? இல்லை. 'பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே' என்று உள்ளே ஒன்று துள்ளியது. மன்னிப்புக் கேட்க வந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

சம்பந்தியம்மா அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டார்.

"உங்க கம்பெனி ஜாடிதான். எங்க வீட்டுக்காரர் போன்ல ஆர்டர் போட்டு, காசு குடுத்து வாங்கினது. நாலு வரும்னு போட்டிருந்துச்சு. ரெண்டுதான் வந்துச்சு."

"புகார் பண்ணலையா?"

"பண்ணலை."

"ஏன்?"

சம்பந்தியம்மா சற்றுத் தயங்கினார். "புகார் உங்க மேசைக்குத்தானே வரும். கட்டினது என் பொண்ணு. குறைஞ்சு போச்சுன்னா நீங்க யாரை நினைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? போகட்டும், ரெண்டு ஜாடிதானேன்னு விட்டுட்டேன்."

உள்ளறைக் கதவருகே மருமகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்படிடீ சொல்றது? மீதி ரெண்டு எங்கன்னு உன்கிட்ட கேட்டா, நானும் உன்னை சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமே."

சிஐடி அம்மாவுக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. ஒத்திகை பார்த்து வந்ததில் ஒரு வார்த்தைகூட உதவவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்றாள் மருமகளிடம். "பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னதுதான். தலைப்புல ரெண்டு தடவை ரெண்டு போட்டு வச்சிருக்கான். உன்னை வரச் சொன்னாரு முதலாளி. வீட்டுக்கு வா."

"நாளைக்கு வேலைக்கு வர்றேன் அத்தை. வீட்டுக்கு இப்ப வரலை."

"என் மேல கோவம்தானே? திட்டிக்கோ."

"உங்க மேல கோவம் இருக்கு. ஆனா நீங்க யாரையும்தான் சந்தேகப்படுவீங்க, அது உங்க சுபாவம். உங்க பிள்ளைக்கு என்னாச்சு?" மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே அவர்கிட்ட சொன்னேன் அத்தை. நாலுன்னு நினைச்சு வாங்கறாங்க, தலைப்பை மாத்துங்கன்னு. இப்ப மாத்தினா விற்பனை இறங்கிடும், கொஞ்ச நாள் போகட்டும்னாரு. முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பினப்ப பக்கத்துலயேதானே உட்கார்ந்திருந்தாரு?"

உட்கார்ந்திருந்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பெண்டாட்டி மேல் மனம் விட்டுப்போய் அல்ல.

யாரையும் விட்டு வைக்காத சந்தேகம், பால்காரரை, டிரைவரை, முகம் தெரியாத தையல்காரம்மாவை, கடைசியில் தன் கைப்பையைக்கூட விடாத சந்தேகம், அவன் பக்கம் மட்டும் ஒருநாளும் திரும்பியதில்லை. நம்பி நம்பிக் கடையைத் தொலைத்த மனுஷனை எத்தனை ஏச்சு ஏசியிருப்பாள். அவள் மட்டும் என்ன செய்தாள்?

எழுந்து வாசலுக்கு வந்து மகனுக்கு போன் செய்தாள்.

"அவ உன்கிட்ட முன்னாடியே சொன்னாளா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. புகார் மேசையில் உட்கார்ந்து இப்படிப்பட்ட மௌனம் எத்தனையோ கேட்டிருக்கிறாள்.

"அம்மா, வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

"நான் வரல. நீ இங்க வா. வந்து அவகிட்ட நீயே சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் இந்த வாசலை விட்டு நகரப் போறதில்ல."

போனை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மருமகள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி, டம்ளருக்குள் எட்டிப் பார்க்காமல் குடித்தாள். மகன் வருவானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.